வெயிலில் சிவக்கும் கன்னங்கள்: லூபஸ் சந்தேகம் ஏன், ரத்தப் பரிசோதனை எதற்கு?

ரெண்டு கன்னமும் மூக்கும் சேர்ந்து சிவந்திருக்கு. தோல் டாக்டர்கிட்ட போனா க்ரீமோட நிறுத்தாம ரத்தம், யூரின் எல்லாம் பார்க்கச் சொல்லிட்டாரே, ஏன்?

முகத்தில் தெரியும் சிவப்பு தோலோடு நிற்கிற ஒன்றா, உடம்புக்குள் நடக்கிற ஒன்றின் வெளி அடையாளமா என்று தோலைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. இரு கன்னங்களிலும் இறக்கை விரித்து, மூக்குத்தண்டில் உடல் வைத்து உட்கார்ந்த வண்ணத்துப்பூச்சி போல ஒரு தடிப்பு வந்து, அது வெயிலில் அதிகமாகிறது என்றால், மருத்துவர் மனதில் முதலில் வரும் பெயர்களில் ஒன்று லூபஸ். கிருமிகளோடு போராட வேண்டிய நோய் எதிர்ப்பாற்றல் சொந்த உடம்பின் செல்களையே எதிரியாக எண்ணித் தாக்குகிற நோய் அது. நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் 15 முதல் 45 வயதுக்குள் தொடங்குகிறது.

இந்தத் தடிப்பால் தோலுக்குப் பெரிய கேடில்லை. சில நாளிலோ சில வாரத்திலோ வடு விடாமல் மறைந்துவிடும். கவலை வேறிடத்தில் இருக்கிறது. தோலைத் தாக்கும் அதே எதிர்ப்பாற்றல் சிறுநீரகத்தையும் தாக்கலாம். அங்கே வலிக்காது, சிறுநீர் வழக்கம்போலப் போகும், பல மாதம் வெளியே ஒன்றும் தெரியாது. முகம் காட்டிக்கொடுத்த நேரத்திலேயே உள்ளேயும் பார்த்துவிடத்தான் அந்த ரத்த, யூரின் பரிசோதனைச் சீட்டு.

அது வண்ணத்துப்பூச்சி வடிவம்தானான்னு வீட்லயே எப்படிப் பார்க்கிறது?

குழல் விளக்கை விடப் பகல் வெளிச்சம் நல்லது. ஜன்னலோரம் கண்ணாடி வைத்துக்கொண்டு, மூக்கின் இரு பக்கத்திலிருந்தும் வாயோரம் வரை இறங்கும் சிரிப்புக் கோட்டைப் பாருங்கள். லூபஸ் தடிப்பு கன்னத்தில் பரவி வந்து அந்தக் கோட்டுக்கு முன்னால் நின்றுவிடும். கோட்டின் பள்ளம் மட்டும் இயல்பான நிறத்தில் இருக்கும். மூக்கு தரும் நிழலில் வெயில் அங்கே குறைவாகப் படுவதே இதற்குக் காரணம் என்பது பொதுவான விளக்கம். மேலிமைகளும் பெரும்பாலும் தப்பிவிடும்.

அடுத்து, விரல் நுனியால் இரண்டு விநாடி அழுத்திவிட்டு எடுங்கள். ரத்தக்குழாய் விரிந்ததால் வந்த சிவப்பு ஒரு கணம் வெளுத்துத் திரும்பும். நிறமி படிந்த கறுப்பு அப்படியே இருக்கும். நம் தோலில் 'சிவப்பு' என்பது புத்தகப் படத்தில் உள்ள ரோஜா நிறமாக இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். மாநிறத்திலும் கறுப்பிலும் அது கருஞ்சிவப்பாகவோ ஊதா கலந்த பழுப்பாகவோ தெரியும். கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் கையால் தடவிப் பாருங்கள். லேசான மேடும் சூடும் தட்டுப்படும்.

தடிப்பு இருக்கும் நாளிலேயே நேராக ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று என்று மூன்று போட்டோ எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். அழகூட்டும் பில்டர் எதுவும் வேண்டாம். மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளில் முகம் தெளிந்திருப்பது மிகச் சாதாரணம். அப்போது அந்தப் படங்கள்தான் சாட்சி.

வெயில் பட்டா மட்டும் ஏன் அதிகமாகுது?

புறஊதாக் கதிர் பட்டால் மேல்தோலின் செல்கள் கொஞ்சம் சாகும். இது எல்லோருக்கும் நடப்பதுதான். உடம்பு அந்தக் குப்பையைச் சத்தமில்லாமல் அள்ளிவிடும். லூபஸ் உள்ளவர்களுக்கு அள்ளும் வேலை மந்தமாக நடக்கிறது. செத்த செல்லின் உட்கருவுக்குள் இருக்கவேண்டிய பொருட்கள் வெளியே வந்து கிடக்கின்றன. அவற்றைப் பிடிக்கும் ஆன்டிபாடிகள் இவர்கள் ரத்தத்தில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கின்றன. இரண்டும் சந்தித்ததும் அழற்சி பற்றிக்கொள்கிறது.

இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். அதனால்தான் தடிப்பு வெயிலில் நின்ற அரை மணியில் வராமல், பல மணி நேரம் கழித்தோ மறுநாளோ அதற்கடுத்த நாளோ எழும்புகிறது. ஞாயிற்றுக்கிழமைத் திருவிழா வெயிலுக்கும் செவ்வாய்க்கிழமை வந்த தடிப்புக்கும் பலர் முடிச்சுப் போடாமல் விடுவது இதனால்தான். வெயிலில் இருக்கும்போதே சிவந்து, நிழலுக்கு வந்த ஒரு மணி நேரத்தில் தணிந்துவிட்டால் அது வெறும் சூட்டுச் சிவப்பாகவோ, முகம் அடிக்கடி சிவக்கும் ரோசேசியா என்ற தோல் நோயாகவோ இருக்க வாய்ப்பு அதிகம்.

வெயிலோடு தடிப்பு மட்டும் வருவதில்லை. சில பேருக்கு அடுத்த சில நாட்களில் மூட்டு வலி, காய்ச்சல், அடித்துப் போட்டது போன்ற அசதி எல்லாம் சேர்ந்து வரும். மருத்துவரிடம் இதையும் சொல்லுங்கள். தோல் டாக்டரிடம் மூட்டு வலியை எதற்குச் சொல்வது என்று விட்டுவிடாதீர்கள்.

பக்கத்து வீட்டு அக்கா இது மங்குன்னு சொல்றாங்க. அப்படியும் இருக்கலாமா?

இருக்கலாம். கன்னம் சிவப்பாகவோ கறுப்பாகவோ ஆவதற்கு லூபஸை விடச் சாதாரணமான காரணங்கள் நிறைய உண்டு.

மங்கு பழுப்பு நிறம். மேடு இருக்காது, எரியாது, மாதக்கணக்கில் அதே இடத்தில் இருக்கும், நெற்றியிலும் மேலுதட்டிலும்கூடப் படியும். வெயிலில் அதுவும் கறுக்கும். அதனால்தான் குழப்பம். ரோசேசியாவில் காரம், சூடான காபி, வெயில் எல்லாவற்றுக்கும் முகம் குப்பென்று சிவக்கும், கூடவே பரு மாதிரிச் சின்னக் கட்டிகள் இருக்கும். லூபஸ் தடிப்பில் சீழ்க்கட்டி இராது. பொடுகோடு சேர்ந்த செபோரிக் அழற்சி நேர் எதிராக நடந்துகொள்ளும். லூபஸ் விட்டுவைக்கும் அந்த மூக்கோரப் பள்ளத்தில்தான் அது போய் உட்காரும். புருவத்திலும் மூக்கோரத்திலும் எண்ணெய்ப் பிசுக்கோடு செதில் உதிரும்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். தடிப்பு மூக்கோரப் பள்ளத்தையும் விடாமல், மேலிமையும் ஊதா நிறமாகி, விரல் முட்டிகளின் மேல் சிவந்த தடிப்புகள் இருந்து, கீழே உட்கார்ந்தால் எழக் கஷ்டமாக இருக்கிறது, தலை வாரக் கை தூக்க முடியவில்லை என்றால் அது டெர்மட்டோமயோசைட்டிஸ் என்ற தசை நோயாக இருக்கலாம். அதற்குப் பார்க்க வேண்டிய ரத்தப் பரிசோதனைகள் வேறு.

மருந்துக்கடையில வாங்கின க்ரீம் போட்டா ரெண்டு நாள்ல போயிடுது. அப்புறம் எதுக்கு டெஸ்ட்?

இரண்டே நாளில் போகிறது என்றால் அதில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம். பீட்டாமெத்தசோன், க்ளோபீட்டசால், மொமெட்டசோன் என்று ட்யூபில் இருக்கிறதா பாருங்கள். முகச் சிகப்பழகுக்கென்று விற்கும் கலவைக் க்ரீம்களிலும் இவை இருக்கும். ஸ்டீராய்டு எந்தச் சிவப்பையும் அடக்கும். லூபஸ் தடிப்பையும் அடக்கும், உள்ளே நடப்பதைத் தொடாது. மருத்துவர் பார்க்கும்போது அடையாளமும் போயிருக்கும்.

மாதக்கணக்கில் போட்டுவிட்டு நிறுத்தினால் முகம் தீப்பிடித்தது போல் சிவந்து எரியும், பரு கிளம்பும், வெயிலே ஆகாது. இது ஸ்டீராய்டு க்ரீமே உண்டாக்கிய தனி நோய், பார்க்க லூபஸ் மாதிரியே இருக்கும். ஆகவே எந்தக் க்ரீம், எத்தனை மாதம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ட்யூபைக் கையோடு கொண்டுபோய்க் காட்டினால் இன்னும் நல்லது. ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதையசைடு, பருவுக்கான டாக்சிசைக்ளின், காசநோய்க்கான ஐசோநியாசிட் போன்ற மாத்திரைகளையும் சொல்ல வேண்டும். இவற்றில் சில வெயிலுக்குத் தோலைக் கூசவைக்கும், சில லூபஸ் போன்ற நிலையையே உண்டாக்கும். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

என்னென்ன டெஸ்ட்? வெறும் வயித்துல போகணுமா?

வெறும் வயிறு தேவையில்லை. முதல் சுற்றில் வழக்கமாகப் பார்ப்பது முழு ரத்த அணுக்கள் எண்ணிக்கை, அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின், சிறுநீர், உட்கருவைத் தாக்கும் ஆன்டிபாடியைத் தேடும் ஏ.என்.ஏ. ஆகியவை. ஏ.என்.ஏ. பாசிட்டிவாக வந்தால் இரண்டாவது சுற்றில் டி.என்.ஏ.வைத் தாக்கும் டி.எஸ்.டி.என்.ஏ. ஆன்டிபாடி, ஸ்மித், ரோ போன்ற ஆன்டிபாடிகள் அடங்கிய தொகுப்பு, எதிர்ப்பாற்றல் புரதங்களான சி3, சி4, ரத்தம் உறைவதைத் தூண்டும் பாஸ்போலிப்பிட் ஆன்டிபாடிகள் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் முதல் நாளே பார்க்க வேண்டிய அவசியம் பலருக்கு இல்லை. பணத்தைப் பார்த்துச் செய்கிறவர்கள் இரண்டு சுற்றாகச் செய்துகொள்ளலாமா என்று மருத்துவரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

தவறு நடக்கிற இடம் சிறுநீர்தான். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரில் தொடக்கத்தை விட்டுவிட்டு நடுப்பகுதியைப் பிடியுங்கள். மாதவிடாய் நாட்களில் கொடுத்தால் அந்த ரத்தம் கலந்து, சிறுநீரகத்திலிருந்து வந்ததுபோல் ரிப்போர்ட் வரும். முடிந்து சில நாள் கழித்துக் கொடுங்கள். வீட்டில் பிடித்து மதியம் வரை பையில் வைத்திருந்தால் அதிலுள்ள அணுக்கள் சிதைந்துவிடும். ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர வேண்டும்.

ஏ.என்.ஏ. பாசிட்டிவ்னு வந்திருக்கு. எனக்கு லூபஸ்னு முடிவாயிடுச்சா?

இல்லை. இந்த ஒரு வரியைப் பார்த்து இரவெல்லாம் அழுதுவிட்டு வருகிறவர்கள் அதிகம் என்பதால் இதை நிதானமாகச் சொல்கிறோம்.

உட்கருவைத் தாக்கும் ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஏ.என்.ஏ. ஆய்வகத்தில் வளர்த்த ஹெப்-2 என்ற செல்களை ஒரு கண்ணாடித் தகட்டில் பரப்பி, அதன்மேல் உங்கள் ரத்தத்தின் தெளிநீரை ஊற்றுவார்கள். ஆன்டிபாடி இருந்தால் செல்லின் உட்கருவில் போய் ஒட்டும். ஒளிரும் சாயம் சேர்த்ததும் நுண்ணோக்கியில் உட்கருக்கள் பச்சையாக மின்னும். பிறகு தெளிநீரை நீர்க்க நீர்க்கச் செய்து, எதுவரை மின்னுகிறது என்று பார்ப்பார்கள். 1:80 என்றால் எண்பதில் ஒரு பங்காக நீர்த்தபோதும் மின்னியது. 1:640 என்றால் அதைவிட எட்டு மடங்கு நீர்த்தும் மின்னியது. பின்னால் உள்ள எண் பெரிதாகப் பெரிதாக ஆன்டிபாடி அதிகம்.

நல்ல உடல்நலத்தோடு இருக்கும் நூறு பேருக்கு எடுத்துப் பார்த்தால் சுமார் 13 பேருக்கு 1:80 அளவில் பாசிட்டிவ் வரும், சுமார் 5 பேருக்கு 1:160லும் வரும். தைராய்டு எதிர்ப்பாற்றல் நோய், முடக்குவாதம், சில தொற்றுகள், சில மருந்துகள் என்று வேறு காரணங்களும் உண்டு. மறுபக்கம், லூபஸ் உள்ளவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்குமே இது பாசிட்டிவ். அதனால் இந்தச் சோதனை லூபஸை விலக்குவதற்கு வலுவானது, உறுதிப்படுத்துவதற்கு வலுவில்லாதது.

ரிப்போர்ட்டில் எந்த முறையில் செய்தார்கள் என்றும் பாருங்கள். 'எலிசா' என்று போட்டு வெறும் ஒரு தசம எண் கொடுத்திருந்தால், மேலே சொன்ன ஒளிரும் சாய முறையான இம்யூனோ ப்ளோரசன்ஸில் மறுபடி செய்யச் சொல்லலாம். நீர்த்தல் அளவும் ஒளிரும் வடிவமும் அதில்தான் தெரியும். ஒருமுறை அந்த முறையில் தெளிவாகப் பாசிட்டிவ் வந்துவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒருதரம் ஏ.என்.ஏ. எடுப்பது வீண். நோய் கூடினாலும் குறைந்தாலும் அந்த எண் அதைப் பின்தொடர்வதில்லை.

அப்போ எதை வெச்சுத்தான் முடிவு பண்றாங்க?

ஓர் உதாரணத்தை எண்களோடு பார்ப்போம். 24 வயதுப் பெண், எடை 50 கிலோ. கன்னத்தில் தடிப்பு, காலையில் முக்கால் மணி நேரம் விரல் மூட்டுகள் வீங்கி இறுக்கம், வாய்க்குள் வலியில்லாத புண். ரிப்போர்ட் இப்படி வருகிறது: ஹீமோகுளோபின் 10.2, வெள்ளணு 3,200, தட்டணு 1,40,000, ஈ.எஸ்.ஆர். 68, சி.ஆர்.பி. 4, கிரியேட்டினின் 0.7, ஏ.என்.ஏ. 1:640, டி.எஸ்.டி.என்.ஏ. பாசிட்டிவ், சி3, சி4 இரண்டும் குறைவு, சிறுநீரில் புரதம் இரண்டு பிளஸ், புரதம்–கிரியேட்டினின் விகிதம் 0.9.

ஐரோப்பிய, அமெரிக்க வாதநோய் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து 2019இல் வெளியிட்ட மதிப்பெண் முறை ஒன்று உண்டு. ஏ.என்.ஏ. 1:80 அல்லது அதற்கு மேல் என்பது நுழைவுச்சீட்டு மட்டுமே, அதற்கு மதிப்பெண் கிடையாது. அதன்பிறகு, வேறு காரணம் சொல்ல முடியாத அறிகுறிகளை மட்டும் எண்ண வேண்டும். தடிப்புக்கு 6. வாய்ப்புண்ணும் அதே தோல்–வாய்ப் பிரிவில் வருவதால் பெரிய மதிப்பெண் மட்டும் போதும், சேர்த்துக் கூட்டக் கூடாது. மூட்டுக்கு 6. வெள்ளணு 4,000க்குக் கீழே என்பதால் 3. தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழே போகாததால் அதற்கு எதுவும் இல்லை. சிறுநீர்ப் புரதத்துக்கு 4. சி3, சி4 இரண்டும் குறைவு என்பதால் 4. டி.எஸ்.டி.என்.ஏ.க்கு 6. மொத்தம் 29. பத்து வந்தாலே லூபஸ் என்று வகைப்படுத்தலாம். ஆய்வுகளுக்காக வகுத்த முறை இது. நோயைத் தீர்மானிப்பது மருத்துவரின் கணிப்பு. ஆனாலும் எதற்கு எவ்வளவு எடை என்று இதில் நன்றாகத் தெரியும்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். ஈ.எஸ்.ஆர். எகிறியிருக்கிறது, சி.ஆர்.பி. ஏறவில்லை. லூபஸில் அடிக்கடி இப்படித்தான் இருக்கும். சி.ஆர்.பி.யும் மிகவும் ஏறியிருந்தால் தொற்று ஏதும் இருக்கிறதா என்று தேடுவார்கள். அடுத்தது, கிரியேட்டினின் 0.7, முற்றிலும் இயல்பு. அதை மட்டும் பார்த்திருந்தால் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பியிருப்பார்கள். புரத விகிதம் 0.9 என்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.9 கிராம் புரதம் ஒழுகுகிறது என்று சொல்கிறது. 0.5ஐத் தாண்டி நிலைத்தால் சிறுநீரகத்தில் ஊசி போட்டுத் துளி திசு எடுத்துப் பார்ப்பது வழக்கம். எந்த வகைப் பாதிப்பு என்பதைப் பொறுத்துத்தான் மருந்து. கிரியேட்டினின் ஏறும்வரை காத்திருந்தால் சிறுநீரகத்தின் கணிசமான பங்கு ஏற்கெனவே போயிருக்கலாம்.

இதே வயதுப் பெண்ணுக்கு ஏ.என்.ஏ. 1:80, மூட்டு வலி இல்லை, அணுக்கள் சரி, சிறுநீர் சுத்தம், டி.எஸ்.டி.என்.ஏ. நெகட்டிவ், கன்னத்தில் சின்னக் கட்டிகள் என்றால் அவருக்கு ரோசேசியா சிகிச்சை போதும்.

ஏ.என்.ஏ. நெகட்டிவ். இனிமே கவலை இல்லைதானே?

சிறுநீரகம் வரை போகும் லூபஸ் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. தோலோடு நிற்கும் லூபஸ் வகைகளில் நெகட்டிவ் வரலாம். வடு விட்டு, நடுவே வெளுத்து, ஓரம் கறுக்கும் தட்டுகள் காதிலோ தலையிலோ இருந்தால் 4 மி.மீ. அளவு தோல் எடுத்துப் பார்ப்பார்கள். ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கிய பிறகு எடுத்த ரிப்போர்ட்டாக இருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ரிசல்ட் வர்ற வரைக்கும் வெயிலுக்கு என்ன பண்றது?

லூபஸோ ரோசேசியாவோ மங்கோ, வெயிலைத் தடுப்பது எல்லாவற்றுக்கும் பொது. ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம்.

எஸ்.பி.எஃப். 50, யூ.வி.ஏ. காப்பும் சேர்ந்த சன்ஸ்கிரீன் வாங்குங்கள். பெரும்பாலானோர் தவறுவது அளவில். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் வரும் அளவு முகம், கழுத்துக்கு வேண்டும். நாளுக்கு இரண்டு முறை அப்படிப் பூசினால் 50 கிராம் ட்யூப் ஒரு மாதம் வராது. மூன்று மாதம் வந்தால் பூசியது போதாது என்று தெரிந்துகொள்ளுங்கள். வெளியே கிளம்ப 20 நிமிடம் முன்பு பூசி, வெயிலிலேயே இருந்தால் இரண்டு மணிக்கொருமுறை, வியர்த்துத் துடைத்தால் உடனே மறுபடி பூச வேண்டும். காதும் பின்கழுத்தும் மறந்துபோகும் இடங்கள்.

புறஊதாக் கதிரில் யூ.வி.பி. வகையை ஜன்னல் கண்ணாடி தடுக்கும், யூ.வி.ஏ. வகையை நிறைய விட்டுவிடும். பேருந்தில் தினமும் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அந்தப் பக்கக் கன்னம் வாங்கிக்கொண்டுதான் இருக்கும். குடை நல்லதுதான். ஆனால் மணலும் வெள்ளைச் சுவரும் தண்ணீரும் கீழிருந்து கதிரைத் திருப்பி அடிக்கும் என்பதால் குடை மட்டும் போதாது. வெயிலை இப்படித் தவிர்ப்பவர்களுக்கு வைட்டமின் டி குறையும், அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

லூபஸ்னு சொல்லிட்டு மலேரியா மாத்திரை எழுதியிருக்காங்க. மாத்தி எழுதிட்டாங்களா?

சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் மலேரியாவுக்காக வந்து, லூபஸின் அடிப்படை மருந்தாகிவிட்டது. தடிப்பையும் மூட்டு வலியையும் குறைக்கும், நோய் மீண்டும் கிளம்புவதையும் குறைக்கும். அளவு எடைக்குக் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல் இருக்க வேண்டும். மேலே சொன்ன 50 கிலோ பெண்ணுக்கு 250 மி.கி. வருகிறது. ஒருநாள் 200, மறுநாள் 300 என்று கொடுத்து இதைச் சரிக்கட்டுவார்கள்.

பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். மூன்றாவது வாரத்தில் 'கேட்கலையே' என்று நிறுத்துவதுதான் நாம் அடிக்கடி பார்க்கும் தவறு. பல ஆண்டு சாப்பிட்டால் விழித்திரையைப் பாதிக்கக்கூடும் என்பதால் தொடங்கிய முதல் ஆண்டுக்குள் ஒருமுறை கண் பரிசோதனை, ஐந்தாண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் ஒருமுறை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்னும் முன்னதாகவே தொடங்குவார்கள். கர்ப்பத்திலும் பொதுவாக இதைத் தொடரத்தான் சொல்வார்கள். ரோ ஆன்டிபாடி உள்ள தாயென்றால் குழந்தையின் இதயத் துடிப்பைக் கர்ப்பத்திலேயே கவனிக்க வேண்டியிருப்பதால், கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே சொல்லிவிடுங்கள்.

வீட்ல மத்தவங்களுக்கு ஒட்டிக்குமா?

ஒட்டாது. சோப்பு, துண்டு, தட்டு எதையும் தனியாக வைக்க வேண்டாம்.

எப்போ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்கக் கூடாது?

சிறுநீர் நுரைத்து, நுரை அடங்காமல் நின்றால், கொக்கோகோலா நிறத்தில் போனால், காலையில் கண்ணைச் சுற்றியோ மாலையில் கணுக்காலிலோ வீக்கம் இருந்தால் இரண்டொரு நாளுக்குள் போய்விடுங்கள். மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்துவது, மூச்சுத் திணறல், வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரே காலில் மட்டும் வலியோடு வீக்கம், தோலில் ஊசி குத்தியதுபோல ரத்தப் புள்ளிகள் என்றால் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். லூபஸ் மருந்து சாப்பிடுகிறவருக்கு 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான். நோய் கிளம்பியதா, தொற்றா என்று வீட்டிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.